அறுபத்தைந்து நாட் வேகம்

ஒத்தப்பனைப்பட்டி விலக்கில் கேப்டன் விஜய்ஆனந்துக்கு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். பத்தடிக்குப் பதினைந்தடி. கறுப்புக் கண்ணாடி, தோளில் நான்கு தங்கக் கோடு, பின்னால் நீல வானத்தில் ஒரு ஜம்போ ஜெட். அவர் வாழ்நாளில் ஜம்போ ஜெட் ஓட்டியதில்லை, அது யாரோ நெட்டில் சுட்ட படம். ‘எம் பள்ளிப் பிள்ளைகளின் உயிர் காத்த வானத்து வேந்தே’ என்று எழுதி, கீழே ஊர்ப் பொதுமக்கள் என்று போட்டு, அதற்கும் கீழே பதினெட்டுப் பேரின் பாஸ்போர்ட் சைஸ் தலைகள். எங்கள் ஊர்க்காரர்கள் நன்றி சொன்னாலும் தங்கள் தலையையும் சேர்த்து வைத்துத்தான் சொல்வார்கள்.

விழுந்த எங்கள் பயிற்சி விமானத்தில் மூன்று பேர் இருந்தோம். கேப்டனுக்கு நெற்றியில் ஏழு தையல். எனக்குக் காறையெலும்பும் முதுகில் ஓர் எலும்பும் முறிந்தன. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மாணவன் ஆன்சன் செத்துப்போனான். அவனுக்கு இருபத்து மூன்று வயது. ஃபிளெக்ஸில் அவன் பெயர் இல்லை.

நான் தேவிகா. எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். அப்பா கோகுல்நாத் மதுரை சிம்மக்கல்லில் காகித மொத்தக் கடையில் வேலை பார்க்கிறார். வணிக விமானி உரிமம் வாங்கிவிட்டு, பயிற்சியாளர் தகுதிக்காகக் கேப்டனிடம் பறந்துகொண்டிருந்தேன். எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளி மேலூருக்குக் கிழக்கே, பொட்டல் நடுவே, சொந்தமாக ஒரு ஓடுபாதையோடு இருக்கிறது. அங்கே கேப்டன்தான் தலைமைப் பயிற்சியாளர். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு ஈயும் பறக்காது. என்னுடைய தகுதித் தாளிலும் அவர் கையெழுத்துதான் பாக்கி.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் லாரிக் கதையைச் சொல்ல வேண்டும். சித்திரை மாதம் அருள்பாண்டி என்ற பயிற்சியாளர் பறந்துகொண்டிருந்தபோது என்ஜின் நின்றுவிட்டது. கடலை பிடுங்கிய ஒரு புஞ்சையில் கீறல்கூட இல்லாமல் இறக்கினார். புத்தகத்தில் படமாகப் போடலாம், அப்படி இறக்கினார். ஆனால் புஞ்சையிலிருந்து விமானத்தைத் திரும்ப ஏற்றிப் பறக்க முடியாது. சிறகைக் கழற்றி லாரியில் போட்டு மேலூர் ரோட்டில் கொண்டுவந்தார்கள். டீக்கடைக்கு டீக்கடை கூட்டம். லாரி பின்னாலேயே பைக்கில் வந்து வீடியோ எடுத்தார்கள். ‘ஃபிளைட்டு டிக்கெட் இல்லாம லாரில போகுது மாப்ள’ என்று ஒருத்தன் போட்ட ரீல்ஸை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.

மறுநாள் கேப்டன் எங்கள் எல்லோரையும் விமானம் நிறுத்தும் ஹேங்கரில் நிற்க வைத்தார். விமானம் உடையவில்லை, ஆள் சாகவில்லை என்று ஒரு வார்த்தை பாராட்டுவார் என்று நினைத்தேன். "இனிமே நம்ம ஃபிளைட் ஒண்ணுகூட லாரில வரக்கூடாது. ஃபீல்டுக்கு வரணும். புரியுதா?" என்றார். ஃபீல்டு என்றால் எங்கள் ஓடுபாதை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து "யெஸ் சார்" என்றோம். ஒரு மாதத்தில் அருள்பாண்டி வேலையை விட்டுப் போய்விட்டார். விட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் புஞ்சையில் இறங்கிய ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என்ஜின் நின்றால் விமானம் கல்லாக விழாது. இதை நான் என் அம்மாவுக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன், அவள் நம்பியதில்லை. உயரம்தான் அப்போது நம் கையிருப்பு. அதைக் கொடுத்துத் தூரம் வாங்க வேண்டும். எவ்வளவு வாங்கலாம் என்பதை வேகம்தான் முடிவு செய்யும். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வேகம் உண்டு. மூக்கை இறக்கினால் வேகம் கூடும், தூக்கினால் குறையும். அந்த வேகம் வரும்படி மூக்கை வைத்தால் இழக்கும் உயரத்துக்கு அதிகபட்ச தூரம் கிடைக்கும். எங்கள் நான்கு சீட் விமானத்துக்கு அது அறுபத்தைந்து நாட், அதாவது மணிக்கு அறுபத்தைந்து கடல் மைல். எடை குறைந்தால் அதுவும் கொஞ்சம் குறையும். காற்று அசையாத நாளில் ஆயிரம் அடிக்கு ஒன்றரைக் கடல் மைல் கிடைக்கும். அறுபத்தைந்தைவிட வேகமாகப் போனால் தூரம் குறையும். மெதுவாகப் போனாலும் குறையும். இந்த இரண்டாவதைத்தான் மனசு ஒப்புக்கொள்ளாது. தரை நெருங்க நெருங்க, மூக்கைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம் மிதக்கலாம் என்று கை கெஞ்சும். கெஞ்சுகிற கைக்கு இடம் கொடுத்தவர்களைப் பற்றித்தான் விபத்து அறிக்கைகள் எழுதப்படுகின்றன.

ஆடி மாதம், புதன்கிழமை, காலை பத்தரை மணி. பயிற்சியை முடித்துக்கொண்டு மேற்கே ஓடுபாதையைப் பார்த்துத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நான் பயிற்சியாளர் உட்காரும் வலது சீட்டில் இருந்தேன், விமானம் என் கையில். கேப்டன் மாணவர் இடத்தில், இடது சீட்டில். ஆன்சன் பார்த்துப் பழகுவதற்காகப் பின்னால் ஏறியிருந்தான். அவன் நிறையக் கேள்வி கேட்பவன். கேப்டனிடம் கேட்டால் எரிந்து விழுவார் என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்பான். அன்று ஏறும்போதே "அக்கா, காத்து இம்புட்டு அடிக்குதே, எதுத்துப் போனா கிளைடு தூரம் குறையும்தானே?" என்று கேட்டான். குறையும் என்றேன்.

தரையிலிருந்து இரண்டாயிரம் அடியில் இருந்தபோது, முன்னால் யாரோ சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம். விமானம் உதறியது. கண்ணாடி முழுக்க எண்ணெய் தெறித்தது. எண்ணெய் அழுத்த முள் படுத்துவிட்டது. நாலு சுற்று சுற்றிவிட்டு மூக்கிலிருந்த விசிறி நின்றது. உள்ளே ஒரு தண்டு உடைந்து என்ஜின் இறுகிப்போயிருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். பறக்கும்போது விசிறி நிற்பதைப் பார்ப்பது நன்றாகவே இருக்காது. அதற்குப் பிறகு காற்றின் சத்தம் மட்டும்தான்.

பயந்தேன். ஆனால் கை பயப்படவில்லை, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. முதலில் மூக்கு. வேகத்தை அறுபத்தைந்துக்குக் கொண்டுவந்து, டிரிம் சக்கரத்தைச் சுழற்றி அங்கேயே நிறுத்தினேன். டிரிம் என்பது ஒரு சின்னச் சக்கரம். அதைச் சரியாக வைத்துவிட்டால் கையை எடுத்தாலும் விமானம் அந்த வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, இடம். ஓடுபாதை மூன்று மைல், நேர் எதிரே. ஆடிக் காற்று இருபது நாட், அதுவும் நேர் எதிரே. அறுபத்தைந்தில் போனாலும் தரைக்கு மேல் நாற்பத்தைந்தில்தான் நகர்வோம். கணக்குப் போடவே தேவையில்லை, எட்டாது. இடது பக்கம் முக்கால் மைலில் ஒரு கண்மாய் வறண்டு கிடந்தது. ஓரத்தில்தான் சீமைக்கருவேலம், நடுவில் வெடித்துப்போன களிமண், தோசைக்கல் போலச் சமம். மேற்கு கிழக்காக நீளம். காற்றை எதிர்த்து இறங்கலாம்.

என்ஜினை மறுபடி எழுப்பிப் பார்க்கும் வேலை ஒன்று உண்டு. எரிபொருள் வால்வு, மிக்ஸ்சர், கார்புரேட்டர் சூடு, மேக்னெட்டோ என்று வரிசையாகச் சரிபார்க்க வேண்டும். விசிறி இறுகி, எண்ணெய் முழுக்கக் கண்ணாடியில் இருக்கும்போது அதில் நேரம் போக்குவது வீண். மைக்கை அழுத்தி மதுரை டவருக்கு மூன்று முறை ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பைச் சொன்னேன். இருக்கும் இடம், மூன்று பேர், கண்மாயில் இறங்குகிறோம். ரேடாருக்கு நம்மைக் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் ஆபத்து எண்ணான 7700 வைத்தேன். "ஆன்சன், பெல்ட்ட இறுக்கு" என்றேன். இதெல்லாம் முப்பது விநாடிக்குள். இடது பக்கம் திருப்ப ஆரம்பித்தேன்.

"ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றார் கேப்டன்.

அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டால் கை தானாக விட்டுவிடும். அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கக் கூடாது என்பதற்காக வந்த நல்ல பழக்கம் அது. "யூ ஹேவ் கன்ட்ரோல், சார்" என்று விட்டேன். நாலாயிரம் மணி நேரம் பறந்தவர், என்னைவிட நன்றாக இறக்குவார் என்றுதான் நினைத்தேன். அவர் விமானத்தை ஓடுபாதையைப் பார்த்துத் திருப்பினார்.

"சார், கண்மாய்..."

"ஃபீல்டு தெரியுது பாரு. போயிரலாம்."

நாலாயிரம் மணி நேரத்தில் அவர் ஒரு முறைகூட ஓடுபாதைக்கு வெளியே இறங்கியதில்லை. நாங்கள் செய்த என்ஜின் நிறுத்தப் பயிற்சி எல்லாம் ஓடுபாதைக்குப் பக்கத்தில்தான் நடக்கும். என்ஜின் விசையைக் குறைக்க த்ராட்டிலை இழுப்பார், வளைந்து வளைந்து இறங்குவோம், ஐந்நூறு அடியில் த்ராட்டிலைத் தள்ளிவிட்டு "குட்" என்பார். அந்தப் பயிற்சியில் ஓடுபாதை எட்டாமல் போனதே கிடையாது. எட்டாத நாள் ஒன்று வரும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

எட்டுமா எட்டாதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இறங்க வேண்டிய இடம் முன்கண்ணாடியில் அசையாமல் நின்றால் எட்டும். கீழே இறங்கி வந்தால் தாண்டிப் போவோம். மேலே ஏறினால் எட்டாது. எண்ணெய்க் கறைக்கு நடுவே தெரிந்த இத்தனூண்டு கண்ணாடியில் எங்கள் ஓடுபாதையின் முனை மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. கேப்டனுக்கும் தெரிந்தது. தெரிந்ததால்தான் மூக்கைத் தூக்கினார். எதிர்காற்றில் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டித்தான் போக வேண்டும். அவர் நேர்மாறாகச் செய்தார். அறுபது. ஐம்பத்தெட்டு.

"சார், ஸ்பீடு."

"தெரியும்மா."

அப்போது உயரம் ஆயிரத்து இருநூறு. கண்மாய் இன்னும் இடது பக்கம் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பின்னாலிருந்து ஆன்சன் ஹெட்செட்டில், "அக்கா, கண்மாய் நல்லாத்தானே இருக்கு, அங்க போயிரலாம்ல?" என்று கேட்டான். கேப்டனின் தாடை இறுகியதைப் பார்த்தேன். நான்தான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது எழுதக் கை வரவில்லை.

ஐம்பத்தைந்தில் ஸ்டால் ஹாரன் முனக ஆரம்பித்தது. மிதப்பு தீரப்போகிறது என்று அழும் ஊதல் அது. "சார், ஸ்பீடு சார்" என்று மறுபடியும் இரண்டு முறை சொன்னேன். ஆக மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் சார் போட்டேன். டிரிம் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆகவே விமானம் மூக்கை இறக்கத் துடித்துக்கொண்டிருந்தது, கேப்டன் அதை எதிர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கையை விட்டிருந்தால் போதும், அது தானாக அறுபத்தைந்துக்குப் போயிருக்கும். ஒரு இரும்புத் துண்டுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. என் முன்னாலும் ஒரு கன்ட்ரோல் இருந்தது. என் இரண்டு கையும் மடியில் இருந்தன.

ஓடுபாதைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும்போது ஒத்தப்பனைப்பட்டி வந்தது. வலது பக்கம் அரசுப் பள்ளிக்கூடம், பிள்ளைகள் வெளியே வந்து அண்ணாந்து கையாட்டிக்கொண்டிருந்தார்கள். எண்பது அடி உயரத்தில் இடது சிறகு விழுந்தது. யாரும் திருப்பவில்லை. மிதப்பு தீர்ந்துபோன சிறகு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று யாரையும் கேட்காது. இடது பக்கம் விழுந்ததால் வாய்க்கால் கரையில் போய் மோதினோம். வலது பக்கம் விழுந்திருந்தால் பள்ளிக்கூடம். இந்தக் குருட்டு அதிர்ஷ்டத்துக்குத்தான் ஃபிளெக்ஸ்.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் கேப்டன் வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி, கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். அதற்குள் இரண்டு சேனலில் பேட்டி கொடுத்துவிட்டார். பதற்றத்தில் பயிற்சி விமானி திணறியதால் கன்ட்ரோலைத் தாமே வாங்கிக்கொண்டதாகவும், பள்ளிக்கூடத்தைத் தவிர்த்துத் திருப்பியதாகவும் சொல்லியிருந்தார். என் அப்பா எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"டெல்லிலருந்து விசாரணைக்கு வாராங்க" என்றார் கேப்டன். "பெருசா ஒண்ணுமில்லம்மா. நான் கன்ட்ரோல் வாங்கினப்பவே ஸ்பீடு அம்பத்தஞ்சுதான் இருந்துச்சுன்னு எழுதிரு. ஹைட்டும் இல்ல. நீ புதுசு, உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ரெண்டு மாசம் ரெஸ்ட் எடு. வந்ததும் உன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"அறுபத்தஞ்சு இருந்துச்சு சார்."

"நானும் பாத்தேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "செத்தவன் திரும்பி வரப்போறானா? நீ பறக்கணுமா வேணாமா?" என்றார்.

அவர் போனதும் அப்பா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் பெண் பிள்ளை வேலைக்குப் போனாலே பேசுவார்கள். அவர் என்னை ஆகாயத்துக்கு அனுப்பினார், சொந்தக்காரர்களின் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு. "பெரிய எடம்மா, பகைச்சுக்கிறாத. ஒரு நம்பர்தானே?" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு அது ஒரு நம்பர்தான். ஐந்து வருடம் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்து மனப்பாடம் செய்த எனக்கே, அன்றைக்கு மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தபோது, அது வெறும் நம்பராகத்தானே இருந்தது.

விசாரணைக் குழுவிலிருந்து சரண்யாதேவி என்ற அதிகாரி வந்தார். குரல் உயர்த்தாத பெண்மணி. எங்கள் விமானத்தில் கறுப்புப் பெட்டியெல்லாம் கிடையாது. நான் சொல்வதும் கேப்டன் சொல்வதும்தான் சாட்சி.

"வேகம் எவ்வளவு இருந்தபோது ஒப்படைச்சீங்க?"

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தகுதித் தாள், என் உரிமம், அப்பா துடைத்துப் போட்ட நாற்காலி எல்லாம் அந்தச் சுவரில் ஓடின. அப்புறம் ஆன்சன் அண்ணாந்து கேட்ட அந்தக் காற்றுக் கேள்வி. "அறுபத்தஞ்சு" என்றேன். "உயரம் ஆயிரத்து எழுநூறு. கண்மாய்க்குத் திருப்பியிருந்தேன்."

அவர் தாளைப் புரட்டினார். "வால் பகுதி உடையாம இருந்துச்சு. டிரிம் அளந்து பாத்தோம். அறுபத்தஞ்சுக்குப் பக்கத்துல இருக்கு. யார் வச்சது?"

"நான்தான் மேடம்."

"அப்ப அவர் டிரிமை எதிர்த்து இழுத்துக்கிட்டே வந்திருக்கணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை நம்ப ஒரு சக்கரமாவது இருக்கிறதே என்று வந்த அழுகை. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"வேகம் குறையுதுன்னு மூணு முறை சொன்னீங்க. நீங்க ஏன் கன்ட்ரோலைத் திரும்ப வாங்கலை? ஐ ஹேவ் கன்ட்ரோல்னு நீங்களும் சொல்லலாம், தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அவரு சார், மேடம்."

சிரிக்கவில்லை அவர். அப்படியே எழுதிக்கொண்டார். கடைசியில் ஆன்சன் ஏதாவது பேசினானா என்று கேட்டார். அதையும் சொன்னேன், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் அதையும் எழுதினார்.

அறிக்கை வர ஒரு வருடமாகும் என்றார்கள். எனக்கு அடுத்த வாரமே பதில் வந்துவிட்டது. பயிற்சியில் தொடரத் தகுதியில்லை என்று பள்ளியிலிருந்து ஒற்றை வரி மெயில். கீழே கேப்டன் கையெழுத்து. ஒருவழியாக என் தாளில் அந்தக் கையெழுத்து விழுந்தது.

நடக்க முடிந்ததும் ஞானஒளிவுபுரத்தில் ஆன்சன் வீட்டுக்குப் போனேன். ஆன்சனின் அப்பா ஜேசுராஜ் மிஷன் பள்ளியில் கிளார்க், அம்மா ஆனிமேரி அதே பள்ளியில் டீச்சர். முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே அவன் படம். அதற்குப் பக்கத்தில் ஒரு பொன்னாடையை மடித்து வைத்திருந்தார்கள். முப்பதாம் நாள் பூசையில் கேப்டனுக்குப் போர்த்த வாங்கியதாம். "பிள்ளைகளையாவது காப்பாத்துனாரே, எம்மகன் உசுரு வீண்போகலன்னு ஒரு ஆறுதல்" என்றார் ஜேசுராஜ்.

அந்த ஆறுதலை நான் பிடுங்கினேன். பேசாமல் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் கேப்டன் தோளில் அந்தப் பொன்னாடையைப் போர்த்துவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. கண்மாய், ஓடுபாதை, மூக்கைத் தூக்கியது, சிறகு விழுந்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஜேசுராஜ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஆனிமேரி மூடவில்லை. டீச்சர் பாடம் ஒப்புவிக்கிறவளைப் பார்ப்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க எறங்கியிருந்தா பொழச்சிருப்பானா?"

"பொழச்சிருப்பான் ஆன்ட்டி."

"கடைசியா அவன் எதுவும் பேசுனானா?"

"‘அக்கா, கண்மாய் நல்லாத்தானே இருக்கு, அங்க போயிரலாம்ல’ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

நான் வந்ததே இதைச் சொல்லத்தான். எனக்கு அவன் கேட்டது சரி என்று தெரியும். கேப்டன் அவன்மேல் பாய்ந்துவிடக் கூடாது என்று முந்திக்கொண்டு அவன் வாயை அடைத்தேன்.

"‘சாருக்குத் தெரியும், பேசாம இரு ஆன்சன்’னு சொன்னேன் ஆன்ட்டி."

"அப்பறம்?"

"அப்பறம் அவன் ஒண்ணும் பேசல."

ஆனிமேரி தலையை ஆட்டினார். "பேச மாட்டான்" என்றார். "அந்தக் கேப்டன் பேர இந்த வீட்ல அவன் ஒருநாளும் சொன்னதில்ல. தேவிகாக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்மான்னுதான் சொல்லிக்கிட்டிருப்பான்."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் எழுந்து உள்ளே போனார். சோறும் மீன் குழம்பும் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "அவன் இருந்தா உன்னச் சாப்பிடாமப் போக விடமாட்டான், சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டேன்.